பத்தி நடுவே பள்ளம், வரித் தொடக்கத்தில் புள்ளி

எங்கள் ஊரில் ஒரு வார இதழ் வருகிறது. செய்தியெல்லாம் நல்ல செய்திதான். ஆனால் அதை வரிவரியாகப் படிக்க முடியவில்லை. ஒரு வரியில் இரண்டே சொற்கள்: ஒன்று இடது ஓரம், இன்னொன்று வலது ஓரம், நடுவில் வெற்றிடம். அடுத்த வரியில் ஒரே சொல்லை எழுத்து எழுத்தாகப் பிய்த்து இழுத்திருக்கிறார்கள். இதற்கு அடுத்த வரி, போதாக்குறைக்கு, ‘ட்’ என்று தொடங்குகிறது. தமிழில் எந்தச் சொல்லாவது அப்படித் தொடங்குமா? வாசிக்கிறவன் ஒரு நொடி நின்று, மேல் வரிக்குப் போய், சொல்லை ஒட்டவைத்துக்கொண்டு திரும்பி வரவேண்டியிருக்கிறது.

தமிழ்ச் சொற்கள் நீளம், பத்தி குறுகல், வேறு வழியில்லை என்கிறார்கள். வழி இருக்கிறது! கணக்குப் போட்டே காட்டுகிறேன். 5 செ.மீ. பத்தியில் 9 பாயிண்ட் எழுத்து என்றால் வரிக்கு ஏறக்குறைய 18 எழுத்து. எல்லா எழுத்தும் ஒரே அகலம், சொல் இடைவெளியும் ஓர் எழுத்து அகலம் என்று வைத்துக்கொள்வோம். வரவேண்டிய செய்தி: ‘நாளைய தேர்வுகள் ஒத்திவைக்கப்பட்டிருப்பதாக’. முதல் இரண்டு சொல்லும் நடுவிலுள்ள இடைவெளியும் சேர்த்து 9. மூன்றாவது சொல்லில் 15 எழுத்து, வரியில் கொள்ளாது. சொல்லைப் பிரிக்காமல், இரண்டு ஓரத்தையும் நேராக்கும் ஜஸ்டிஃபை மட்டும் அமுக்கினால் முழுச் சொல்லும் கீழே போய்விடும். மிச்சமான 9 எழுத்து இடமும் அந்த ஒற்றை இடைவெளியிலேயே விழும். நாளைய என்ற சொல்லுக்கும் தேர்வுகளுக்கும் நடுவே 10 எழுத்து அகலப் பள்ளம்.

சரி, பிரிக்கலாம் என்று இறங்கினால், இடமிருக்கும் அளவுக்கு நிரப்பி, நிறைந்த இடத்தில் வெட்டிவிடுகிறார்கள். இன்னோர் இடைவெளி போக 8 எழுத்துக்கு இடமுண்டு. எட்டாவது எழுத்தில் வெட்டினால் மேலே ‘ஒத்திவைக்கப்ப’, கீழே ‘ட்டிருப்பதாக’. இணையப் பக்கங்களில் `word-break: break-all` என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் செய்வதும் இதைத்தான். அந்தக் கட்டளைக்குப் புள்ளி எழுத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஓர் எழுத்து முன்னதாக நிறுத்திப் பாருங்கள்: மேலே ‘ஒத்திவைக்கப்’, கீழே ‘பட்டிருப்பதாக’. மிச்சம் ஓர் எழுத்து இடம்தான். அதை இரண்டு இடைவெளிகளுக்கும் பங்கிட்டால் தலைக்கு அரை எழுத்து. கண்ணுக்கே தெரியாது.

இவ்வளவுதான் ஐயா விதி. புள்ளி வைத்த எழுத்து வரியைத் தொடங்கக் கூடாது. அது முந்தின எழுத்தோடு மேலேயே நிற்க வேண்டும். மற்றபடி எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே பிரிக்கலாம். மென்பொருளுக்கும் இதை எப்போதோ சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. TeX என்ற அச்சுக்கோப்பு மென்பொருளுக்கான தமிழ்ப் பிரிப்பு விதிகள் hyph-ta என்ற கோப்பில் இருக்கின்றன. அதில் இப்படி வரும்:

```
1க
2க்1
```

ஒற்றைப்படை எண் இருக்குமிடத்தில் பிரிக்கலாம், இரட்டைப்படை என்றால் கூடாது, இரண்டும் மோதினால் பெரிய எண்ணே செல்லும். ஆகவே ‘க’ முன்னால் பிரியும், ‘க்’ முன்னால் பிரியாது. இதைவிட எளிமையாக ஒரு மொழிக்கு விதி அமையுமா? ஆங்கிலத்துக்கு ஆயிரக்கணக்கில் வடிவங்களைத் தொகுத்துவைத்திருக்கிறார்கள்!

எனக்கு ரத்தம் கொதிப்பது அடுத்த கூத்தில்தான். பிரிப்பு வசதியை அணைத்து வைத்துவிட்டு, கையால் ‘ஒத்தி-வைக்கப்பட்டது’ என்று கோடு தட்டுகிறார்கள், அல்லது சொல் நடுவே ஒரு இடைவெளி விடுகிறார்கள். ஆசிரியர் மேலே ஒரு சொல்லை நீக்கியதும் வரிகள் நகர்ந்துவிடும். கோடு பத்தி நடுவே வந்து நிற்கும். அதே பிரதி இணையத்துக்கும் போகும். அங்கே ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று தேடுகிறவருக்கு அந்தச் செய்தி அகப்படாது. கையால்தான் பிரிப்பேன் என்றால் இன்டிசைனில் Ctrl+Shift+- அமுக்குங்கள். அந்தக் கோடு வரி முடிவில் மட்டும் தெரியும், நடுவே வந்தால் மறைந்துவிடும்.

அந்தக் கோடே வேண்டாம் என்பது என் கட்சி. கோடு போடாமலே சொல்லை மடக்கி அடுத்த வரிக்குப் போன தமிழ்ப் பத்திரிகைகள் எத்தனையோ உண்டு. வாசகர் யாரும் தடுமாறவில்லை. குறுகிய பத்தியில் கோடும் இடத்தைத் தின்னும், ஓரத்தில் வரிசையாகக் கோடுகள் நின்றால் பார்க்கவும் சகிக்காது. இணையத்தில் இதற்கு மூன்று வரி போதும். பக்கத்துக்கு `lang="ta"` கொடுத்திருக்க வேண்டும், உலாவியிலும் தமிழ்ப் பிரிப்பு விதிகள் இருக்க வேண்டும்:

```css
text-align: justify;
hyphens: auto;
hyphenate-character: "";
```

உலாவி கைகொடுக்காவிட்டால் ஜஸ்டிஃபையை எடுத்துவிடுங்கள். வலது ஓரம் மேடும் பள்ளமுமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், சொல்லுக்குச் சொல் இடைவெளி சீராக இருக்கும். எழுத்துகளைப் பிய்த்து இழுப்பதை மட்டும் தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள்.