'11 முறை வெளியே போனார்' என்று சொல்வதற்கு முன்

அந்த ஸ்கிரீன்ஷாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாளாக எல்லா ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவிலும் அதுதான். ஆன்லைன் இன்டர்னல் தேர்வில் ஒரு பையன் '11 முறை தேர்வுப் பக்கத்தை விட்டு வெளியேறினார், மொத்தம் 31 நிமிடம்' என்று சிவப்பு வட்டம் போட்டு, பதிவெண்ணைக்கூட மறைக்காமல் சுற்றவிட்டிருக்கிறார்கள். மதிப்பெண் பூஜ்யம். கீழே கைதட்டும் பொம்மைகள் வேறு.

கல்லூரிகள் ஆன்லைன் பாடமும் தேர்வும் நடத்தும் மூடுல் என்ற மென்பொருளின் சர்வரைப் பராமரிப்பதுதான் என் வேலை. அதனால் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: லாக் என்பது சாட்சி அல்ல. ஒரு இயந்திரம் இன்னொரு இயந்திரத்திடம் சொன்னதன் பதிவு, அவ்வளவுதான்.

மூடுல் தானாக டேப் மாற்றத்தைக் கண்காணிப்பதில்லை. யாரோ தனியாக ஒட்டிய நிரல் அந்த வேலையைச் செய்கிறது. இப்படிப்பட்ட நிரல்கள் பலவற்றின் அடியில் இருப்பது இந்த ஒரு வரிதான்:

```
window.addEventListener("blur", () => log("left"));
```

`blur` என்றால் 'மாணவர் வெளியே போய்விட்டார்' என்று பொருளில்லை. 'கர்சரின் கவனம் இப்போது இந்தப் பக்கத்தின் மேல் இல்லை' என்று மட்டும்தான் பொருள். முகவரிப் பட்டையைத் தொட்டால் `blur`. கீழே வைஃபை குறியைச் சொடுக்கினால் `blur`. இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. கட்டுரை வினாவுக்கு விடை எழுதும் பெட்டி, அதாவது தடித்த எழுத்து, அடிக்கோடு எல்லாம் போடுகிற அந்த எடிட்டர், மூடுலில் பெரும்பாலும் ஒரு ஐஃப்ரேமுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்துக்குள் ஒரு குட்டிப் பக்கம். மாணவர் அதற்குள் கர்சரை வைத்தவுடன் கவனம் குட்டிப் பக்கத்துக்குப் போய்விடும், தாய்ப் பக்கத்தில் `blur` அடிக்கும். விடை எழுத உட்கார்ந்ததையே வெளியேறியதாக எழுதி வைக்கும்!

இப்போது அந்த ஸ்கிரீன்ஷாட்டைத் திரும்பப் பாருங்கள். 11 வரியில் 9 வரிகள் கட்டுரை வினா திறந்த சில நொடிகளுக்குள் வருகின்றன. ஒவ்வொன்றும் 3, 4 நிமிடம் 'வெளியே' இருந்ததாகக் காட்டுகிறது. திரும்பி வந்ததாகச் சொல்லும் நேரமோ, அடுத்த பக்கத்துக்கான பொத்தானை அழுத்திய நேரம். அதாவது பையன் விடை எழுதிய நேரத்தைக் கூட்டித்தான் 31 நிமிடம் என்று குற்றச்சாட்டு எழுதியிருக்கிறார்கள். மீதி 2 வரிகள் இரண்டு, மூன்று நொடிகள். அந்த நேரத்தில் புத்தகம் தேடிப் படித்துவிட்டு வர முடிந்தால் அவருக்குப் பூஜ்யம் அல்ல, பரிசு கொடுக்க வேண்டும்.

சரிபார்க்க வழியே இல்லையா? இருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல். விடையில் எதையாவது மாற்றினால் வழக்கமான அமைப்பில் 1 நிமிடம் கழித்து மூடுல் தானாகச் சேமிக்கும். மாற்றாவிட்டால் சேமிக்காது. புதிய பதிப்புகளில் அந்தச் சேமிப்பும் லாகில் விழும். 'வெளியே' இருந்த 3 நிமிடத்துக்குள் சேமிப்பு வரிகள் வந்துகொண்டே இருந்தால், அந்தக் கை பெட்டிக்குள் ஏதோ செய்துகொண்டிருந்தது. இரண்டு பட்டியலையும் நேர வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். யாரும் வைக்கவில்லை. வட்டம் போடத்தான் நேரம் இருந்தது.

'இது உள்ளூர்க் கதை, பெரிய இடங்களில் இப்படி நடக்காது' என்பவர்களுக்கு: அமெரிக்காவில் டார்ட்மத் பல்கலைக்கழகத்தின் கைசல் மருத்துவக் கல்லூரி. 2021-ல், தொலைதூரத் தேர்வு நேரத்தில் மூடுல் மாதிரியே இன்னொரு தளமான கேன்வாஸில் பாடக் குறிப்புகளைத் திறந்தார்கள் என்று 17 மாணவர்கள் மேல் குற்றம் சாட்டினார்கள். ஆதாரம்? கேன்வாஸ் லாக். பதில் சொல்லக் கொடுத்த அவகாசம் 48 மணி நேரம்கூட இல்லை. கடைசியில் தெரிந்தது என்ன? முந்தின நாள் படித்துவிட்டு மூடாமல் விட்ட ஃபோனும் டேப்லெட்டும், யாரும் தொடாமலேயே சர்வரோடு பேசி அப்படிப்பட்ட வரிகளை உண்டாக்க முடியும் என்று. அதற்குள் சிலர் மேல் நடவடிக்கையே எடுத்தாகிவிட்டது. ஜூன் மாதம் எல்லாக் குற்றச்சாட்டையும் கைவிட்டு டீன் மன்னிப்புக் கேட்டார். கேன்வாஸின் வழிகாட்டியிலேயே, தேர்வு லாக் தொழில்நுட்பக் கோளாறைப் பார்ப்பதற்கு, காப்பியடித்ததை நிரூபிப்பதற்கு அல்ல என்று எழுதியிருக்கிறது. படிப்பார்களா?

'அப்போ காப்பியடிப்பவனை விட்டுவிடச் சொல்கிறீர்களா?' இந்தக் கேள்வி வரும், இன்பாக்ஸில் ஏற்கெனவே வந்தாயிற்று. ஐயா, நிஜமாகக் காப்பியடிப்பவர் மடியில் இன்னொரு ஃபோனை வைத்துக்கொண்டு அதில் பார்க்கிறார். அவருடைய லாக் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். மாட்டுவது பழைய லேப்டாப்பில், விட்டு விட்டு வரும் நெட்டில் எழுதுபவர். ஹாஸ்டல் வைஃபையில் ஐம்பது பேர் ஒரே ஐபி முகவரியில் தெரிவார்கள், அதைக் கூட்டுக் காப்பி என்பார்கள். வைஃபை போய் மொபைல் டேட்டாவுக்கு மாறினால் ஐபி மாறும், அதை ஆள் மாறாட்டம் என்பார்கள்.

சந்தேகம் வந்தால் அந்தப் பையனைக் கூப்பிட்டு 5 நிமிடம் அவர் எழுதிய விடையையே விளக்கச் சொல்லுங்கள். கணக்கு வினாவில் ஆளுக்கு ஆள் எண்ணை மாற்றிக் கொடுக்க மூடுலிலேயே வசதி இருக்கிறது. ஆமாம், அதற்கு வேலை செய்ய வேண்டும். வட்டம் போடுவது சுலபம்தான்.

'கண்காணிப்பே கூடாதா' என்று கேட்டால், அப்படி நான் சொல்லவில்லை. வருகை குறைந்து மூன்று வாரமாக உள்ளேயே வராத மாணவரை லாகைப் பார்த்துக் கண்டுபிடித்து ஃபோன் செய்கிறார்கள், நல்லது. ஆனால் உதவி செய்வதற்காகச் சேர்த்த தகவலை, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் போலீஸ் சாட்சியாக்குவது வேறு. முதலாண்டில் 17 வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குட்பட்டவர் குழந்தைதான். கல்விக்கான கண்காணிப்பில் கல்லூரிக்கு விலக்கு இருக்கிறது என்று யாரோ சட்டம் பேசலாம். பதிவெண்ணோடு, ஐபியோடு வாட்ஸ்அப்பில் போடுவதும் கல்விதானா? ஆறு குழுவில் பார்த்தேன். ஒருவர்கூட 'அந்தப் பையன் என்ன சொன்னான்' என்று கேட்கவில்லை.

அந்தப் பையனுக்குப் பூஜ்யம் போட்ட துறையிலிருந்து இதைப் படிப்பவர்கள் இன்றைக்கே ஒரு சோதனை செய்யலாம். அதே கண்காணிப்பு நிரல் ஓடும் ஒரு பயிற்சித் தேர்வில் கட்டுரை வினா ஒன்றைத் திறங்கள். பெட்டிக்குள் கர்சரை வைத்து, உங்கள் பெயரையும் பதவியையும் மெதுவாக மூன்று நிமிடம் தட்டச்சு செய்யுங்கள். அடுத்த பக்கம் போய், லாகைத் திறந்து பாருங்கள். நீங்கள் எத்தனை நிமிடம் வெளியே இருந்தீர்கள் என்று கமெண்டில் போடுங்கள். பதிவெண் போட வேண்டாம்.