'பரவாயில்லை' என்று எழுதுவதை நிறுத்தினேன்

போன வாரம் ஒரு வீட்டுக்குக் கடிதம் கொடுத்தேன். உங்கள் மகளின் பாட்டு வகுப்பை இந்த வெள்ளிக்கிழமையோடு முடித்துக்கொள்கிறேன் என்று. உறையூரில் என் வீட்டு முன்னறையில் 19 வருடமாகப் பாட்டு சொல்லித் தருகிறேன். நானாக ஒரு குழந்தையை நிறுத்துவது இது மூன்றாவது முறை. முதல் முறை போனில் கோபமாகப் பேசி முறித்துக்கொண்டேன். இரண்டாவது முறை, "பேட்ச் நிரம்பிடுச்சுங்க" என்று பொய் சொன்னேன். இரண்டும் தவறு என்று மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததால், இந்தத் தடவை நான்கு நாள் உட்கார்ந்து, அடித்துத் திருத்தி, கையால் எழுதினேன். இந்த நிலையில் இருக்கும் பாட்டு ஆசிரியர்கள் இங்கே நிறையப் பேர் என்று தெரியும். அதனால்தான் இந்தப் பதிவு.

குழந்தைக்கு ஒன்பது வயது. போன விஜயதசமிக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வந்து சேர்ந்தாள். சுருதி ஐந்து கட்டை, நல்ல கணீர்க் குரல். செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்தரை மணி, முக்கால் மணி நேரம், அவளோடு சேர்த்து மூன்று பிள்ளைகள். டிசம்பர் வரை ஒரு வகுப்புகூட விடவில்லை. சரளி வரிசை மூன்று காலமும் முடித்து, ஜண்டை வரிசையில் பாதி வந்துவிட்டாள்.

ஜனவரியிலிருந்து விட்டுப்போக ஆரம்பித்தது. அபாகஸ், ஊரிலிருந்து தாத்தா வந்திருக்கிறார், சளி, அத்தை பெண் வளைகாப்பு, மறுநாள் பள்ளியில் பரீட்சை. ஒன்றும் பொய்யான காரணம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் நான் "பரவாயில்லைங்க, அடுத்த வகுப்புக்கு அனுப்புங்க" என்று பதில் போட்டேன். கடிதம் எழுதும் முன் வாட்ஸப்பில் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். 'பரவாயில்லை' 13 இடத்தில் இருந்தது. நான் பரவாயில்லை என்று சொன்னதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதில் அவர்கள்மேல் என்ன குற்றம்?

வகுப்பு விட்டால் பாட்டில் என்ன ஆகிறது என்பது வெளியிலிருந்து பார்க்கும் பெற்றோருக்குத் தெரியாது. கணக்குப் பாடம் என்றால் நோட்டை வாங்கிப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். மாயாமாளவகௌளையில் ரிஷபம் ஸட்ஜத்துக்கு மிக அருகில் நிற்கும். தம்பூராவோடு வாரம் இரண்டு முறை பாடினால்தான் குழந்தையின் காது அந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். மூன்று வாரம் இடைவெளி விழுந்தால் ரிஷபம் மெல்ல மேலே ஏறிவிடும். சினிமாப் பாட்டில் கேட்டுக் கேட்டுப் பழகிய இடத்துக்குப் போய்விடும். குழந்தைக்கு அது தெரியாது, சந்தோஷமாகப் பாடிக்கொண்டிருக்கும். ஜண்டையிலும் அப்படித்தான். 'ஸஸ ரிரி கக மம' என்று பாடும்போது இரண்டாவது ஸ்வரத்தில் ஓர் அழுத்தம் கொடுக்க வேண்டும். பழக்கம் விட்டுப்போனால் அழுத்தம் கரைந்து, இரண்டு ஸ்வரமும் ஒட்டிக்கொண்டு ஒரே நெடிலாக 'ஸா ரீ கா மா' என்று ஒலிக்கும்.

இவளுக்கு உண்மையில் முட்டிக்கொண்டது அலங்காரத்தில்தான். துருவம், மட்யம், ரூபகம் மூன்றும் எப்படியோ தேறிவிட்டாள். ஏனென்றால் அங்கே லகு நான்கு எண்ணிக்கை. ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அவ்வளவுதான். நான்காவதாக வரும் ஜம்பையில் லகு ஏழு. தட்டு, சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரல் வரை ஐந்து, ஆக ஆறு. ஏழாவதுக்கு மறுபடி சுண்டுவிரலுக்கு வர வேண்டும். அதன்பிறகு ஒரு தட்டு, பிறகு தட்டி வீசினால் பத்து. 'ஸரிகஸரிஸரி - க - ம' என்று வாய் பாட, கை இதைச் செய்ய வேண்டும். ஜம்பை ஆரம்பித்த வாரமும் அதற்கு அடுத்த வாரமும் அவள் வரவில்லை. திரும்பி வந்தபோது மற்ற இரண்டு பிள்ளைகளும் இரண்டாம் காலத்தில் இருந்தார்கள். இவள் கட்டைவிரலுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தாள்.

அதற்கப்புறம்தான் செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் வயிற்றுவலி வர ஆரம்பித்தது. முதலில் வகுப்பு விட்டதால் பின்தங்கினாள், பிறகு பின்தங்கியதால் வகுப்பை விட்டாள். ஏப்ரலில் அவள் என்னிடம் தனியாக, "எனக்குப் பாட்டு வராது மிஸ்" என்றாள். அதைக் கேட்டபோது நெஞ்சு அடைத்துவிட்டது. அந்தக் குரலை வைத்துக்கொண்டு வராது என்று அவள் நம்புகிறாள் என்றால், அதற்கு அவள் வீட்டு ஓட்டமும் என்னுடைய பரவாயில்லைகளும் சேர்ந்துதான் காரணம்.

அன்றே அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினேன். இப்படியே போனால் மே மாதத்துக்குப் பிறகு தொடர முடியாது என்று நேராகச் சொன்னேன். இதைச் சொல்லாமல் யாருக்கும் முடிவுக் கடிதம் கொடுக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கடிதத்தைப் படித்துத்தான் பிரச்சினையே தெரிய வந்தது என்றால் அது அநியாயம். இரண்டு வாரம் ஒழுங்காக வந்தாள். மூன்றாவது வாரம் மறுபடி வரவில்லை.

கடிதத்துக்கு வருகிறேன். முதல் வரைவில் "கொஞ்ச நாள் இடைவெளி விட்டுப் பார்க்கலாமா", "உங்களுக்குச் சிரமமாக இருந்தால்" என்றெல்லாம் எழுதியிருந்தேன். என் கணவர் படித்துவிட்டு, "இப்ப கிளாஸ் உண்டா இல்லையா?" என்று கேட்டார். கிழித்துப் போட்டேன். கடைசியில் கொடுத்த கடிதம் இப்படித் தொடங்குகிறது:

"அன்புள்ள அம்மா அவர்களுக்கு, வணக்கம். உங்கள் மகளின் வகுப்பை வரும் வெள்ளிக்கிழமையோடு முடித்துக்கொள்கிறேன். இது யோசித்து எடுத்த முடிவு. ஜனவரி முதல் மே வரை 39 வகுப்புகள் நடந்தன. அவள் வந்தது 18. வராத 21-ல் 6 முறை முன்கூட்டியே சொன்னீர்கள், 9 முறை வகுப்பு நேரத்தில் தகவல் வந்தது, 6 முறை தகவல் இல்லை. உங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி மாலைகள் பாட்டுக்கு ஒதுங்கவில்லை என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. அதை மாற்றுவது உங்களுக்கு எவ்வளவு கடினம் என்பதும் எனக்குப் புரிகிறது."

எண்களைப் போட்டது குத்திக்காட்டுவதற்காக இல்லை. 'அடிக்கடி வருவதில்லை' என்று எழுதினால் 'அவ்வளவு ஒன்றும் இல்லையே' என்று பேச்சு நீளும். வருகை நோட்டில் இருப்பதை அப்படியே எழுதினால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. காரணங்களை மட்டும் நான் தொடவில்லை. வளைகாப்பு முக்கியமா, வகுப்பு முக்கியமா என்று இன்னொரு வீட்டுக்குச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

அடுத்து பணம். மாதம் 8 வகுப்புக்கு 1,200 ரூபாய், முன்பணம். ஜூனில் வந்தது ஒரு வகுப்பு. வரும் வெள்ளி நானாகக் கொடுப்பது, அதற்குக் கட்டணம் இல்லை. ஆக மீதி 1,050. ஐந்து மாதத்தில் நானும் இரண்டு வகுப்பு எடுக்க முடியாமல் போய், ஒன்றைத்தான் ஈடு செய்திருந்தேன். அந்த 150-ம் சேர்த்து 1,200 கவரில் வைத்தேன். நம் பக்கத்துக் கணக்கு சுத்தமாக இருந்தால்தான் எழுதிய வார்த்தைக்கும் மதிப்பு.

பிறகு நான் அதிக நேரம் எடுத்துக்கொண்ட பத்தி, குழந்தையைப் பற்றியது. "அவளுக்குச் சுருதி ஞானம் இருக்கிறது. தாளத்தில் ஜம்பை அலங்காரத்தில் நிற்கிறாள். புதிதாகச் சொல்லித் தருபவர் அங்கிருந்து தொடங்காமல் ஜண்டை வரிசைக்கு ஒரு வாரம் திரும்பிப் போய் வந்தால் நல்லது. ரிஷபம் கொஞ்சம் ஏறுகிறது, தம்பூராவோடு பாடினால் தானாக இறங்கும். பாட்டு வராது என்று அவள் நினைக்கிறாள். அது உண்மை இல்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்." அவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஞாயிறு காலையில் சொல்லித் தருகிற ஒருவரிடம் முன்பே பேசி, இடம் உண்டா என்று கேட்டு, அவர் சம்மதத்தோடு எண்ணையும் எழுதினேன்.

'குரு என்பவர் கேட்டு வந்த பிள்ளையை இல்லை என்று அனுப்பலாமா' என்று என் அக்காவே கேட்டாள். குருகுலத்தில் பிள்ளை குரு வீட்டிலேயே இருந்தது. விடியற்காலையில் எழுப்பி உட்காரவைத்தால் பாடம். அங்கே வகுப்புக்கு வராமல் போவது என்ற பேச்சே இல்லை. இன்று வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம்தான் என் கையில். அதிலும் பாதி போய்விட்டால், நான் கற்றுக்கொடுக்கிறேன் என்று சொல்லிப் பணம் வாங்குவதே எனக்குக் கூசுகிறது. மற்ற இரண்டு பிள்ளைகளும் இவளுக்காக ஒரே அலங்காரத்தில் எத்தனை வாரம் காத்திருந்தார்கள் என்பதையும் அக்காவிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. என் முடிவும் மாறவில்லை.

கடிதத்தை வாட்ஸப்பில் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் ஐந்தே நிமிடத்தில் "சாரி மிஸ், அடுத்த வாரத்திலிருந்து கண்டிப்பா" என்று வரும், நானும் மறுபடி பரவாயில்லை என்பேன். என்னை எனக்குத் தெரியும். புதன்கிழமை அவர்கள் வீட்டுக்கே போய், குழந்தை இல்லாத நேரத்தில் கொடுத்தேன். அம்மா அங்கேயே படித்தார். கண் கலங்கியது. "கவர் வேண்டாம் மிஸ்" என்றார். வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்றேன். "ரெண்டு மாசம் கழிச்சு வந்தா சேர்த்துப்பீங்களா?" என்று கேட்டார். விஜயதசமி சமயத்தில் கேளுங்கள், இடம் இருந்தால் சொல்கிறேன், இப்போது வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள், தனியாக. கடைசி வகுப்பு வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்று யோசித்ததுண்டு. ஆனால் ஒரு குழந்தை ஒரு செவ்வாயிலிருந்து திடீரென்று காணாமல் போனால், தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டதாகத்தான் நினைக்கும். புதுப் பாடம் எதுவும் எடுக்கவில்லை. தம்பூராவை வைத்துக்கொண்டு ஸட்ஜத்தில் வெகுநேரம் நின்றோம். ஜண்டை முதல் வரிசை பாடினாள். ஜம்பையை வாய் பாடாமல், கை மட்டும், மெதுவாக. நான்காவது தடவையில் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரலுக்குத் தானாக வந்துவிட்டாள். பாடச் சொன்னதும் மறுபடி தவறியது. அதனால் அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில், 'முதலில் கை மட்டும், பிறகு பாட்டு, முதல் காலம் போதும்' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். வாசலில் அம்மா ஸ்கூட்டரில் காத்திருந்தார். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை அம்மாவிடம் காட்டினாள்.