இரண்டு குண்டு பல்பை வைத்து ஒரு தேர்வைப் பற்றிப் பேசலாம்

சி.பி.எஸ்.இ. 2026-27 முதல் ஒன்பதாம் வகுப்பில் புத்தகம் பார்த்து எழுதும் தேர்வுக்கு ஒப்புதல் கொடுத்ததும், "அப்போ பிள்ளைங்க படிக்கவே வேண்டாமா?" என்ற கேள்வி கிளம்பிவிட்டது. கேட்க வேண்டியது வேறு. புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு என்ன கேட்கப்போகிறோம்?

பத்தாம் வகுப்பு மின்னியலையே எடுத்துக்கொள்வோம். "ஓம் விதியைக் கூறு", "மின்திறனுக்கான வாய்பாட்டைத் தருவி" என்பவை நினைவைச் சோதிக்கும் கேள்விகள். நினைவு தேவைதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இவற்றுக்கு முழு மதிப்பெண் வாங்கியவருக்கு அந்த வாய்பாட்டை எங்கே போட வேண்டும் என்று தெரியுமா என்பது விடைத்தாளில் தெரியாது.

இப்போது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள்: 230 வோல்ட்டில் வேலை செய்யும் 40 வாட் குண்டு பல்பையும் 100 வாட் குண்டு பல்பையும் தொடர் இணைப்பில் போட்டு 230 வோல்ட் கொடுத்தால் எது பிரகாசமாக எரியும்?

P = V²/R, P = I²R இரண்டுமே புத்தகத்தில் இருக்கின்றன. எது எந்த இடத்துக்கு என்பதுதான் சிக்கல். பலர் "100 பெரியது, அதனால் 100 வாட்" என்று முடித்துவிடுவார்கள். சிலர் V²/R-ஐ எடுத்து ஒவ்வொரு பல்புக்கும் முழு 230 வோல்ட்டைப் போட்டு அதே தவறான விடைக்கு வருவார்கள். சரியான வழி இது. பல்பில் அச்சிட்ட எண்ணிலிருந்து முதலில் மின்தடையைக் கண்டுபிடிக்க வேண்டும்: 40 வாட்டுக்குச் சுமார் 1322 ஓம், 100 வாட்டுக்கு 529 ஓம். தொடர் இணைப்பில் இரண்டிலும் ஒரே மின்னோட்டம், ஏறக்குறைய 0.124 ஆம்பியர். எனவே I²R. 40 வாட் பல்பில் சுமார் 20 வாட், 100 வாட் பல்பில் வெறும் 8 வாட். சின்ன பல்புதான் பிரகாசம். தேர்ந்தெடுக்கும் இந்தத் திறனை அளக்கப் புத்தகத் தேர்வு அருமையான கருவி.

ஒரு நிபந்தனை உண்டு. விடை புத்தகத்தில் ஒரு வாக்கியமாகவே கிடக்கிறது என்றால் அந்தக் கேள்வியை அடித்துவிட வேண்டும். அது பக்கம் புரட்டும் வேகத்தைத்தான் அளக்கும். இதே வாரியம் 2014-இல் 9, 11 வகுப்புகளில் இப்படி ஒரு தேர்வைத் தொடங்கிச் சில ஆண்டுகளில் கைவிட்டது. அப்போது பாடப்பகுதியைப் பல வாரங்களுக்கு முன்பே கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்தால் விடையையும் முன்பே தயாரித்து மனப்பாடம் செய்துகொண்டு வரலாம். பழைய தேர்வு வேறு பெயரில் திரும்பி வந்துவிடும்.

புத்தகத் தேர்வாலும் பிடிக்க முடியாத ஒன்று இருக்கிறது: சரியான விடை, தவறான காரணம். "முதலில் இருக்கும் பல்பு கரண்டை எடுத்துக்கொள்ளும், மீதிதான் அடுத்ததுக்குப் போகும்" என்று நம்பும் மாணவர்கள் நிறைய. படத்தில் 40 வாட் பல்பு முதலில் வரையப்பட்டிருந்தால் அவர்களும் "40 வாட்" என்றே எழுதுவார்கள். தாள் திருத்துபவர் டிக் போட்டுவிடுவார். வாய்மொழித் தேர்விலோ ஒரே கேள்வி போதும்: "இரண்டு பல்பையும் இடம் மாற்றிப் போட்டால்?" ஒன்றும் மாறாது என்பவர் புரிந்துகொண்டவர். "இப்போ 100 வாட்" என்பவரின் மனதில் மின்னோட்டம் வழியில் செலவாகிக்கொண்டிருக்கிறது.

அடுத்து, "100 வாட் பல்பின் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால்?" அது அணைந்து, 40 வாட் பல்புக்கு முழு 230 வோல்ட் கிடைக்கும். நன்றாகச் சொல்பவரிடம் இன்னும் ஒரு படி: "529 ஓம் என்றோமே, மங்கலாக எரியும்போதும் அதேதானா?" இழை முழுச் சூட்டில் இல்லாததால் தடை குறையும், 100 வாட் பல்பு கணக்கில் வந்ததைவிட இன்னும் மங்கும். இந்த இடம்வரை வருபவரை எழுத்துத் தேர்வால் தனியாகப் பிரித்துக் காட்டவே முடியாது.

நம் ஆய்வகங்களில் வைவா என்று நடப்பது பெரும்பாலும் இதுவல்ல என்பதுதான் என் வருத்தம். வரையறையைக் கேட்டு, ஒரு வினாடி காத்திருந்து, அடுத்தவரைக் கூப்பிடுகிறோம். அது வாயால் எழுதும் மனப்பாடத் தேர்வு. கேட்டபின் மூன்று வினாடியாவது பேசாமல் இருங்கள், யோசித்துப் பேசுபவருக்கு அந்த இடைவெளி வேண்டும். எத்தனை குறிப்பு கொடுத்தபின் விடை வந்தது என்று அப்போதே எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் சரளமாகப் பேசுபவருக்கு மதிப்பெண் கூடும், பயந்த பிள்ளைக்குக் குறையும்.

நேரம் பெரிய தடை. 40 பேருக்கு ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் ஏறக்குறைய ஏழு மணி நேரம். வெளியே வந்தவர் கேள்வியைச் சொல்லிவிடவும் செய்வார். அதனால் நான் சொல்வது, இரண்டையும் சேர்த்து நடத்துங்கள். புத்தகம் பார்த்து எழுதவிட்டு, அவரவர் விடைத்தாளை வைத்துக்கொண்டே மூன்று நிமிடம் பேசுங்கள். இரண்டு மணி நேரத்தில் முடியும். கேள்வி அவர் எழுதியதிலிருந்தே பிறப்பதால் முன்னால் போனவரிடம் கேட்டு வந்தும் பயனில்லை.