சார்ட்டில் இருந்து எண் எடுக்கும்போது டூல்டிப்பைக் கடைசிக்குத் தள்ளுங்கள்

வலைப்பக்கத்தில் ஒரு சார்ட் இருக்கிறது, அதன் எண்கள் நமக்கு எக்செலில் வேண்டும். டவுன்லோடு பட்டன் கிடையாது. உடனே எல்லோரும் செய்வது ஒன்றுதான்: கோட்டின் மேல் மவுஸை நகர்த்தி, எட்டிப் பார்க்கும் டூல்டிப் என்ற சின்னப் பெட்டியில் உள்ளதைக் குறித்துக்கொள்வது. கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தவர்கள் அதே வேலையை ஒரு ஸ்கிரிப்டிடம் கொடுத்து, பிக்சல் பிக்சலாக மவுஸை நகர்த்தி டூல்டிப்பைப் படிக்க வைக்கிறார்கள். இந்த வரிசையே தலைகீழ் என்று உறுதியாக நினைக்கிறேன். டூல்டிப்பில் தெரிவது பல நேரங்களில் சார்ட்டுக்குக் கொடுக்கப்பட்ட எண்ணே அல்ல. அது தவறு என்பது பார்வைக்குத் தெரியவும் தெரியாது.

ஒரு உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். ஓர் ஆற்றின் நீர்மட்டம், நாளுக்கு ஓர் அளவீடு, பத்தாண்டுகளுக்கு. சுமார் 3,650 புள்ளிகள். சார்ட் வரைந்து தரும் ஹைசார்ட்ஸ் லைப்ரரியின் ஸ்டாக் வகை சார்ட்டில், 700 பிக்சல் அகலத்தில் வரைந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த வகை சார்ட்டில் புள்ளிகளைக் கூட்டாகத் தொகுத்து வரையும் வசதி, யாரும் கேட்காமலேயே இயங்கும். கோட்டு வரைபடத்துக்கு ஒரு தொகுப்புக்குக் குறைந்தது 2 பிக்சல் என்பது அதன் இயல்பு அமைப்பு. 700 பிக்சலில் 350 தொகுப்புகள்தான் அடங்கும். ஒரு தொகுப்புக்குப் பத்து நாளுக்குச் சற்று அதிகமாக வருகிறது. லைப்ரரி அதை ஒரு வாரம் என்ற அலகுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு வாரத்தின் சராசரியை எடுத்துக் கோடு போடுகிறது.

இப்போது வெள்ளம் வந்த ஒரு வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு நாள் மட்டங்கள் மீட்டரில் 2.1, 2.2, 2.4, 6.8, 4.0, 2.6, 2.0. கூட்டினால் 22.1, ஏழால் வகுத்தால் 3.16. டூல்டிப்பில் உங்களுக்குக் கிடைப்பது இந்த 3.16 மட்டும். 6.8 எங்கேயும் இல்லை. அந்தச் சார்ட்டில் மிக முக்கியமான எண்ணே அதுதான். வெள்ளத்தைப் பற்றி எழுத வந்தவர், வெள்ளமே வராத ஓர் அட்டவணையைக் கையில் வைத்திருப்பார். இதே லைப்ரரி பார் வரைபடத்தில் சராசரிக்குப் பதில் கூட்டுத்தொகையைக் காட்டும். மழையளவுச் சார்ட்டில் ஒரு பாரின் எண்ணை ஒரு நாள் மழை என்று எழுதிவிட்டால், பல நாள் மழையை ஒரே நாளில் கொட்ட வைத்துவிடுவோம்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது, ஆனால் தேடினால்தான் கண்ணில் படும். பெட்டியின் தலைப்பில் தேதிக்கு முன்னால் `Week from` என்று இருக்கிறதா பாருங்கள். பக்கத்தை வடிவமைத்தவர் அந்தத் தலைப்பை மாற்றியிருக்கலாம் என்பதால் அது மட்டும் போதாது. நம்பகமான சோதனை ஜூம்தான். அதே வாரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எண் மாறினால் முன்னால் கண்டது தொகுப்பு.

சரி, உண்மையான எண் எங்கே? பெரும்பாலும் பிரவுசரின் நினைவகத்திலேயே இருக்கிறது. டெவலப்பர் டூல்ஸைத் திறந்து கன்சோலில் இதைப் போடுங்கள்:

```js
const s = Highcharts.charts.filter(Boolean)[0].series[0];
[s.options.data.length, s.points.length]
```

முதல் எண் சார்ட்டுக்குக் கொடுக்கப்பட்ட புள்ளிகள், இரண்டாவது வரையப்பட்டவை. நம் உதாரணத்தில் 3,650 ஒரு பக்கம், ஐந்நூற்றுச் சொச்சம் மறுபக்கம் என்று வரும். அந்த இடைவெளியைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிடும். `copy(s.options.data)` என்று கொடுத்தால் முழுத் தரவும் கிளிப்போர்டில். நடுவில் உள்ள `filter(Boolean)` அழகுக்காக அல்ல. அழிக்கப்பட்ட சார்ட்டுகளின் இடம் அந்த வரிசையில் காலியாக நிற்கும், அதைத் தாண்டத்தான். ஸ்டாக் சார்ட்டின் கீழே இருக்கும் குட்டி நேவிகேட்டரும் தனக்கென்று ஒரு சீரிஸ் வைத்திருக்கும், அதைத் தனித் தரவு என்று எண்ணி இரண்டு முறை எடுத்துவிடாதீர்கள்.

தேதிகள் 1451606400000 போன்ற எண்களாக வரலாம். அது உலகப் பொது நேரமான யூடிசிப்படி 2016 ஜனவரி 1, நள்ளிரவு, மில்லிசெகண்டில். இதை உங்கள் கணினியின் உள்ளூர் நேரத்தில் மாற்றினால், யூடிசிக்கு மேற்கே உள்ளவர்களுக்கு 2015 டிசம்பர் 31 என்று வந்து நிற்கும். கிழக்கே உள்ளவர்களுக்கு எதிர்ப்பக்கச் சிக்கல்: உள்ளூர் நள்ளிரவை வைத்து உருவாக்கிய தரவை யூடிசியில் படித்தால் முந்தைய நாள் வரும். மொத்தத் தொடரும் ஒரு நாள் நகர்ந்தாலும் கோட்டின் வடிவம் அப்படியே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. எல்லா நேரமுத்திரைகளும் நாளின் எந்த மணியில் விழுகின்றன என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் எந்த நேர மண்டலம் என்பது தெரிந்துவிடும்.

மற்ற லைப்ரரிகளிலும் இதே கதவு உண்டு. சார்ட் ஜேஎஸ் என்றால் `Chart.getChart(canvas)`, ஈசார்ட்ஸ் என்றால் `echarts.getInstanceByDom(el).getOption()`. கேன்வாஸ் என்பது வெறும் பிக்சல் பரப்பு, அதற்குள் எதையும் தோண்ட முடியாது என்று கைவிடுகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். வரைந்த படத்தில் எண் இல்லைதான். வரைந்த லைப்ரரியிடம் இருக்கிறது.

ஆனால் இன்றைய தளங்களில் லைப்ரரி முழுவதையும் ஒரே கோப்பில் பொட்டலம் கட்டி அனுப்புவதால் `Highcharts`, `Chart` என்ற பெயர்களே கன்சோலுக்குத் தெரியாமல் போகலாம். அப்போது நெட்வொர்க் டேபுக்குப் போங்கள். உண்மையில் நான் முதலில் போவதே அங்கேதான். டேபைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தை ரீலோடு செய்தால், சார்ட்டுக்கான ஜேசான் தரவுக் கோப்பு தனியாக இறங்குவது பல தளங்களில் தெரியும். எதுவும் வரவில்லை என்றால் தரவு எச்டிஎம்எல்லுக்குள்ளேயே ஒரு ஸ்கிரிப்ட் பகுதியில் புதைந்திருக்கலாம். டூல்டிப்பில் பார்த்த ஓர் எண்ணை எடுத்து, ஆயிரத்தைப் பிரிக்கும் காற்புள்ளியையும் அலகையும் நீக்கிவிட்டு, வந்து இறங்கிய எல்லாவற்றிலும் தேடுங்கள். எங்கும் கிடைக்கவில்லையா? அதுவும் ஒரு தகவல்தான். அந்த எண் உங்கள் பிரவுசரில் கணக்கிடப்பட்டதாகவோ ரவுண்டு செய்யப்பட்டதாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். நம் 3.16 அப்படித்தான், அனுப்பப்பட்ட தரவில் அது கிடையாது.

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். சில தளங்கள் ஜூம் செய்யும்போதுதான் நுண்ணிய தரவைச் சர்வரில் இருந்து கேட்கும். முழுப் பார்வையில் இறங்கியதே ஏற்கனவே தொகுத்த எண்களாக இருந்தால், நினைவகத்தைத் துழாவியும் நாள்வாரி மதிப்பு கிடைக்காது. ஜூம் செய்தபோது புதிய கோரிக்கை போகிறதா என்பதை நெட்வொர்க் டேப் காட்டிக்கொடுக்கும்.

பிக்சலாக இல்லாமல் கோடு, வட்டம் போன்ற உறுப்புகளாகப் படத்தை எழுதிவைக்கும் எஸ்விஜியில் வரைந்த சார்ட் என்றால் நிலைமை இன்னும் நன்றாக இருக்கும். டி3 லைப்ரரி ஒவ்வொரு உறுப்புடனும் இணைத்த தரவை அந்த உறுப்பின் மேலேயே `__data__` என்ற பெயரில் விட்டுவைக்கிறது.

```js
[...document.querySelectorAll('svg circle')].map(e => e.__data__)
```

வட்டங்கள் இல்லாமல் கோடு மட்டும் இருந்தால் அந்த ஒற்றை `path` உறுப்பின் `__data__` பெரும்பாலும் முழு வரிசையையும் வைத்திருக்கும். அதுவும் இல்லாத எஸ்விஜியில், உதாரணமாகச் சர்வரிலேயே வரைந்து அனுப்பியதில், வடிவத்தில் இருந்து கணக்கிட வேண்டியதுதான். அச்சில் 0 என்ற குறி 300.5 பிக்சலிலும் 500 என்ற குறி 0.5 பிக்சலிலும் இருக்கிறது என்போம். எஸ்விஜியில் y மேலிருந்து கீழே வளரும். கோட்டின் புள்ளி y = 117 என்றால் மதிப்பு (300 − 117) ÷ 300 × 500 = 305. அந்த அரைப் பிக்சலை ஏன் விட்டேன் என்று கேட்கலாம். டி3 தன் அச்சுக் குறிகளைக் கூர்மையாகக் காட்ட, சாதாரணத் திரைகளில் 0.5 பிக்சல் தள்ளி வைக்கிறது, கோட்டை அப்படித் தள்ளுவதில்லை. அதைக் கவனிக்காமல் 300.5-ஐ வைத்துக் கணக்கிட்டால் 305.8 வரும், எல்லாப் புள்ளியிலும் ஒரே அளவு பிசகு. மூன்றாவது குறி ஒன்றை வைத்துச் சரிபார்ப்பதும் அவசியம்: 200 என்ற குறி 180.5-இல் இருந்தால் அச்சு நேரானது. 1, 10, 100 சம இடைவெளியில் நின்றால் மடக்கை அச்சு, மேலே சொன்ன சூத்திரம் செல்லாது.

வளைந்த கோடுகளில் இன்னும் கவனம் வேண்டும். `C` கட்டளைக்குப் பின் வரும் ஆறு எண்களில் கடைசி இரண்டுதான் கோடு தொடும் இடம், முதல் நான்கும் வளைவை இழுக்கும் புள்ளிகள். `curveMonotoneX` வகை வளைவு தரவுப் புள்ளிகள் வழியாகவே போகும். `curveBasis` அப்படிப் போகாது, சுமாராக அருகில் வழுக்கிக்கொண்டு போகும். பின்னதில் இருந்து படித்த எண்களைத் தரவு என்று வெளியிடுவதை என்னால் ஏற்க முடியாது.

இத்தனை வழியும் அடைபட்டால் டூல்டிப்புக்கு வாருங்கள், ஆனால் அதன் கணக்கு தெரிந்து வாருங்கள். 700 பிக்சலில் தொகுக்காத 3,650 புள்ளிகள் என்றால் ஒரு பிக்சலில் ஐந்து நாள் நிற்கிறது. மவுஸை எவ்வளவு மெதுவாக நகர்த்தினாலும் பெரும்பாலான நாட்கள் சிக்கவே சிக்காது. ஆகவே முதலில் ஜூம் செய்து, ஒரு நாளுக்குச் சில பிக்சலாவது கிடைக்கும் சிறு துண்டுகளாகப் பிரியுங்கள். பெரும்பாலும் அந்த நிலையில் தொகுப்பும் விலகிவிடும். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் மவுஸ் நகர்ந்த உடனே படிக்கக் கூடாது, பெட்டி மெதுவாக நழுவி வரும்போது பழைய நாளின் எண் புதிய இடத்தில் பதிவாகும். மவுஸ் இருந்த இடத்தை விட்டுவிட்டு, பெட்டிக்குள் இருக்கும் தேதியையே சாவியாக வைத்துச் சேமியுங்கள். முடிந்ததும் தேதிகளை வரிசைப்படுத்தி விடுபட்ட நாட்களைத் தேடுங்கள். விடுபட்டவை உண்மையிலேயே அளவீடு இல்லாத நாட்களா, உங்கள் மவுஸ் தாண்டிய நாட்களா என்பதை அந்தத் துண்டுக்குத் திரும்பிப் போய்த்தான் அறிய முடியும்.

பெட்டியில் `12.4K` என்று இருந்தால் அதை 12,400 என்று எழுதாதீர்கள். 12,350-க்கும் 12,450-க்கும் இடையில் ஏதோ ஒன்று என்பதே அதன் பொருள். அப்படி ஐம்பது வரிகளைக் கூட்டி மொத்தம் சொன்னால் பிழை 2,500 வரை போகலாம். கோப்பில் மதிப்புக்குப் பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்து, அந்த எண் ஜேசானில் இருந்து வந்ததா, லைப்ரரி பொருளில் இருந்தா, அச்சை வைத்துக் கணக்கிட்டதா, டூல்டிப்பில் படித்ததா என்று வரிக்கு வரி எழுதிவையுங்கள். அடுத்து அந்தக் கோப்பை எடுப்பவர் எந்த வரியை எத்தனை தசமம் வரை நம்பலாம் என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.