“100 மில்லியன் ரேண்ட் மதிப்புள்ள ஸ்டார்ட்அப்பில் 1% பங்கு கொடுத்தால், நம் கையில் 1 மில்லியன் இருப்பதுபோல. சம்பளம் குறைந்தாலும் சேர்ந்துவிடலாம்.” (டர்பன் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி)

இது தவறு. அந்த 100 மில்லியன், கடைசியாகப் பணம் போட்டவர் ஒப்புக்கொண்ட விலை மட்டுமே. அவர் 40 மில்லியன் போட்டு 40% வாங்கியிருக்கிறார் என்று வையுங்கள். பெரும்பாலும், போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமையும் அவருக்கு இருக்கும். நாளை கம்பெனி 50 மில்லியனுக்கு விற்றால், அவர் 40 மில்லியனை எடுத்துவிடுவார். மீதி 10 மில்லியனை மற்ற 60% பங்குக்காரர்கள் பிரித்துக்கொள்வார்கள். உங்கள் 1%-க்குக் கிடைப்பது சுமார் 1,67,000 ரேண்ட். பங்கு ஆப்ஷனாக, அதாவது பின்னால் குறித்த விலைக்கு வாங்கும் உரிமையாக இருந்தால், அந்த விலையும் வரியும் இதில் கழியும்.

சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் தங்கை மகனுக்கு வந்த வேலைக் கடிதத்தில், முதல் 12 மாதம் முடியாமல் ஒரு பங்கும் சேராது என்று சின்ன எழுத்தில் இருந்தது. இன்னொன்று, கம்பெனியின் வங்கிக் கணக்கில் 6 மில்லியன், மாதம் வரவு போக நிகரச் செலவு 1 மில்லியன் என்றால் 6 மாதம்தான் ஓடும். அடுத்த முதலீடு வராவிட்டால் அந்தப் பங்கு வெறும் காகிதம்.

அதனால் முதலில் நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான சிஐபிசியின் பதிவில் கம்பெனியின் நிலையையும் இயக்குநர்களையும் பாருங்கள். அப்புறம் கையிருப்பு, மாதச் செலவு, முதலீட்டாளரின் முன்னுரிமை மூன்றையும் நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், பங்கைக் கணக்கில் சேர்க்காமல் சம்பளத்தை மட்டும் வைத்து முடிவெடுங்கள்.