அளவுப் புத்தகமும் ஒரு போன் காலும்

போன வாரம் ஒரு பையன் போன் செய்தான். ஊராட்சி ஒன்றியத்தில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. என்னிடம் பயிற்சிக்கு வந்தபோதிருந்து பழக்கம். "சார், ஒரு ரோடு வேலையில் அளவுப் புத்தகத்துல அளவு எழுதச் சொல்லி எல்லாரும் போன் பண்றாங்க. என்ன பண்றதுன்னு தெரியல" என்றான். போனில் சொன்னால் மறந்துவிடுவான் என்று கடிதமாக எழுதி அனுப்பினேன். இதே நிலைமையில் வேறு சில பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால், ஆள், ஊர் அடையாளங்களை எடுத்துவிட்டு இங்கே போடுகிறேன்.

தம்பி,

நீ சொன்னதை முதலில் என் பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன். 800 மீட்டர் ரோடு, 3.75 மீட்டர் அகலம். ஜல்லி அடுக்கு ஒன்று, ரோலர் ஓட்டி அமுக்கிய பிறகு 75 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும். அதற்கு மேல் தார். ஜல்லி போட்டாயிற்று. நாளைக்கே தார் போட ஆள் வந்துவிடும். "அளவை அப்புறம் எழுதிக்கலாம், மார்ச் 31-க்குள்ள பில் போகணும்" என்கிறார் ஒப்பந்ததாரர். உன் உதவி செயற்பொறியாளர் "பார்த்து அனுசரிச்சுப் போப்பா" என்கிறார். ஊரில் ஒரு முக்கியஸ்தரும் கூப்பிட்டு, "பையன் புதுசு போல" என்று சிரித்திருக்கிறார்.

ஒரு விஷயத்தைக் கவனி. இந்த மூன்று பேரில் யாருமே உன்னைத் தப்பு செய்யச் சொல்லவில்லை. தேதியை மட்டும்தான் மாற்றச் சொல்கிறார்கள். அளவு முதலில், வேலை பிறகு. அல்லது தார் முதலில், அளவு பிறகு. இப்படிப்பட்ட வற்புறுத்தல் பெரும்பாலும் இந்த வேஷத்தில்தான் வரும். லஞ்சக் கவர் வந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். "அப்புறம் எழுதிக்கலாம்" வந்தால் தெரியாது.

தார் போட்டுவிட்டால் அடியில் இருக்கும் ஜல்லியின் கனம் கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் நீ எழுதுவது அளவே இல்லை, எஸ்டிமேட்டைப் பார்த்துக் காப்பி அடிப்பது. அதனால்தான் மறைந்துபோகும் வேலையை மறைவதற்கு முன்னால் அளக்க வேண்டும் என்கிறோம்.

நாளை காலை தார் டேங்கர் வருவதற்கு முன்னால் நீ அங்கே இருக்க வேண்டும். உன் வண்டியில் போ. ஒப்பந்ததாரரின் காரில் போகாதே. அவர் காரில் போனால் அவர் நிறுத்தும் இடத்தில்தான் இறங்குவாய். டேப்பும் ஸ்டீல் ஸ்கேலும் உன்னுடையதாக இருக்கட்டும். ஐந்து இடத்தில் குழி தோண்டச் சொல். ஒரு அடிக்கு ஒரு அடி போதும். எந்த இடம் என்பதை முந்தின நாள் இரவே வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொள்: 130, 290, 440, 610, 760 மீட்டர் என்று. "இங்க தோண்டலாம் சார்" என்று அவர்கள் காட்டும் இடத்தில் கனம் சரியாகவே இருக்கும். எல்லாக் குழியையும் நடுவில் போடாதே, இரண்டையாவது ஓரத்தில் போடு. குறைவது பெரும்பாலும் ஓரத்தில்தான். குழியின் குறுக்கே ஒரு நேரான கட்டையை வைத்து, அதன் அடியிலிருந்து கீழே அளந்து பார்.

உனக்கு வரப்போகும் அளவுகளை நான் ஊகிக்கிறேன்: 62, 58, 60, 55, 65. சராசரி 60. ஒப்பந்ததாரர் சத்தியமே செய்வார், "75 போட்டேன் சார்" என்று. பொய் சொல்கிறார் என்று நினைத்துவிடாதே. அவர் நிஜமாகவே 75 போட்டிருப்பார், உதிரி ஜல்லியாக! ரோலர் ஓடினால் உதிரி ஜல்லி ஏறக்குறைய முக்கால் பங்காகிவிடும். அமுக்கிய பிறகு 75 நிற்க வேண்டுமானால் உதிரியாக 100 போட்டிருக்க வேண்டும். இந்த ஒரு இடத்தில்தான் இந்தத் தொழிலில் பாதி லாபம் ஒளிந்திருக்கிறது என்று நான் சொல்வேன்.

கணக்கைப் போட்டுப் பார். 800 × 3.75 × 0.075 என்றால் 225 கன மீட்டர். நிற்பது 60 மில்லிமீட்டர் என்றால் 180. குறைவது 45. அதை உதிரியாக்கினால் சுமார் 60 கன மீட்டர், நூறு கன அடி ஒரு யூனிட் என்ற நம் ஊர்க் கணக்கில் சுமார் 21 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் ஏழு லோடு.

இப்போது உதவி செயற்பொறியாளரிடம் போனில் என்ன பேசுவது என்பதற்கு வருகிறேன். "ரூல்ஸ்படி முடியாது சார்" என்று ஆரம்பிக்காதே. அந்த வாக்கியம் அவரை மட்டம் தட்டுவது போல இருக்கும், சண்டைதான் மிஞ்சும். "அஞ்சு பிட் எடுத்தேன் சார், சராசரி 60 வருது, ஏழு லோடு குறையுது" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள். ஏழு லோடு என்று காதில் விழுந்த பிறகு "பரவாயில்ல, 75-னு எழுது" என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழாது. இத்தனை வருடத்தில் ஒருவர் இருவர்தான் சொன்னார்கள்.

அப்படிச் சொல்பவருக்கு அன்று மாலையே ஒரு குறிப்பு அனுப்பு. குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். "இன்று காலை மேற்படி சாலையில் ஐந்து இடங்களில் எடுத்த அளவுகள் இவை. 75 மி.மீ.க்கு அளவு பதியும்படி தாங்கள் இன்று தொலைபேசியில் அறிவுறுத்தியதை எழுத்துப்பூர்வமாக உறுதி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்." அவ்வளவுதான். தபாலில் எண் போட்டு அனுப்பி, நகலை வைத்துக்கொள். இது திமிர் இல்லை. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் இது அப்படியே இருக்கிறது: மேலதிகாரியின் உத்தரவு சாதாரணமாக எழுத்தில் இருக்க வேண்டும், வாய்மொழியாக வந்தால் கீழே இருப்பவர் எழுத்தில் உறுதி கேட்க வேண்டும், கொடுப்பது மேலதிகாரியின் கடமை. மாநிலங்களும் இப்படி வழிமுறை கொண்டுவர வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முன்னாள் கேபினட் செயலர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் ஓய்வுபெற்ற அதிகாரிகள் பலரும் போட்ட வழக்கு அது. ஆனால் தீர்ப்பைக் குறிப்பில் எழுதிக் காட்டாதே. உனக்குத் தெரிந்திருந்தால் போதும்.

ஒன்றியத்திலிருந்து வரும் போன் எல்லாம் தப்பு என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். "அந்த வளைவில் தண்ணி நிக்குது, ஒரு குழாய்ப் பாலம் போட்டுக் குடுங்க" என்று கவுன்சிலர் கூப்பிட்டால் அது அவர் வேலை. எப்படிப் பிரித்துப் பார்ப்பது? "நல்ல யோசனைங்க, நீங்க சொன்னீங்கன்னு பைல்ல எழுதிக்கிறேன்" என்று சொல்லிப் பார். குழாய் கேட்டவர் "எழுதுங்க, எழுதுங்க" என்பார். மற்றவர் "அதெல்லாம் எதுக்குத் தம்பி, வாய்ல சொன்னா போதாதா" என்பார்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், நான் எழுதியிருக்கிறேன். வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், மார்ச் 30 ராத்திரி. இரண்டு அடுக்கு ஜல்லி போட வேண்டிய ரோட்டில் ஓர் அடுக்குதான் ஆகியிருந்தது. "நிதி லேப்ஸ் ஆயிடும், ஏப்ரல் பத்துக்குள்ள போட்டுடறோம்" என்றார்கள். என் மேலதிகாரியும் போனில் அதையே சொன்னார். ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து, பால்பாயிண்ட் பேனாவால் இரண்டாவது அடுக்கையும் எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் எழுதினேன். ஒரு பைசா வாங்கவில்லை. ஏப்ரல் பத்து வந்தது, ஜல்லி வரவில்லை. தார் மட்டும் வந்தது. இரண்டு வருடம் கழித்து யாரோ மனு போட, தரக்கட்டுப்பாட்டு ஆட்கள் வந்து குழி தோண்டினார்கள். எனக்கு 17 பி குற்றச்சாட்டு, அதாவது பெரிய தண்டனை வரைக்கும் போகக்கூடிய துறை நடவடிக்கை, வந்தது. விசாரணையில் அந்த மேலதிகாரி, "விதிப்படி செய்யத்தான் சொன்னேன்" என்றார். அவரிடம் போன் இருந்தது. என் கையெழுத்துதான் புத்தகத்தில் இருந்தது. மூன்று வருடம் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வரவில்லை.

அந்த ராத்திரி எனக்கு வழியே இல்லையா? இருந்தது, யாரும் சொல்லித் தரவில்லை. ஆன ஓர் அடுக்குக்கு மட்டும் அளவு எழுதி பகுதிப் பில் போட்டிருக்கலாம். மீதித் தொகையை அடுத்த ஆண்டில் மறுபடி ஒதுக்கக் கேட்டு, மார்ச் முதல் வாரத்திலேயே கடிதம் எழுதியிருக்கலாம். நிதி லேப்ஸ் என்ற பயம் நிஜம்தான். ஆனால் அந்தப் பயம் மார்ச் 30-ஆம் தேதி வந்தால் நீ மாட்டுவாய், முதல் தேதி வந்தால் கடிதமாகிவிடும். ஒவ்வொரு ஜனவரியிலும் உன் வேலைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி, எது மார்ச்சில் முடியாது என்று குறித்துக்கொள்.

உன் ரோட்டுக்கு வருவோம். குறைந்த 15 மில்லிமீட்டரை மேலே தூவி ரோலர் விட்டுவிடலாம் என்று ஒப்பந்ததாரர் சொல்வார். ஒத்துக்கொள்ளாதே. நீங்கள் போடும் கல் 45 முதல் 63 மில்லிமீட்டர், 15 மில்லிமீட்டர் இடத்தில் அது எப்படி உட்காரும்? மேலேயே உருண்டுகொண்டு கிடக்கும், தாரோடு பெயர்ந்து வரும். அடுக்கைக் கிளறிவிட்டு, ஏழு லோடையும் கலந்து பரப்பி, மறுபடி ரோலர் ஓட்ட வேண்டும். பணியிட உத்தரவுப் புத்தகத்தில் இதை எழுதி, "அதுவரை தார் போடக்கூடாது" என்று சேர்த்து, அவரிடம் கையெழுத்து வாங்கு. அவருக்கு இரண்டு நாள் தள்ளிப்போகும், கொஞ்சம் பணமும் போகும். முறைப்பார். போகட்டும்.

மாற்றல் வருமா என்று கேட்டாய். வரலாம். வராது என்று நான் சொன்னால் அது பொய். எனக்கும் இரண்டு முறை வந்தது, அதில் ஒன்று நல்ல ஊர். போனைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் விடும் வேலை மட்டும் வேண்டாம். அதற்குப் பிறகு உன்னிடம் யாரும் நிஜத்தைப் பேசமாட்டார்கள், நல்ல மேலதிகாரிகள் உட்பட. ஆபீஸில் அப்படி நல்லவர்கள் இரண்டு மூன்று பேர் எப்போதும் இருப்பார்கள். யார் என்று தெரிய ஆறு மாதம் ஆகும்.

சரி, நாளைக்குக் காலை ஆறரைக்குள் போய்விடு. அளந்து முடித்ததும் ஐந்து குழியையும் அன்றே நிரப்பி, கிராவல் போட்டு இறுக்கச் சொல். அந்த ரோட்டில் ஸ்கூல் பிள்ளைகள் சைக்கிளில் போவார்கள். 610-இல் என்ன வந்தது என்று எனக்கு மெசேஜ் போடு.