கையில் வந்த காசும் உழைத்த காசும்

வெள்ளவத்தையில் செயலி மூலம் மோட்டார் சைக்கிளில் உணவு விநியோகம் செய்யும் என் மருமகன், "மாமா, இந்தக் கிழமை இருபத்தோராயிரத்து அறுநூறு வந்திட்டுது" என்றான். ஆறு நாள் வேலைக்கு நல்ல தொகைதான். ஆனாலும் அடுத்த கிழமை காலையில் புறப்படும்போதும் இரவு வீடு திரும்பும்போதும் மீட்டரையும் நேரத்தையும் குறித்து வைக்கச் சொன்னேன். வருமானம் ஏறக்குறைய அதே அளவில் இருந்தது. மற்றவைதான் அவனுக்குப் புதிதாக இருந்தன.

செயலி கணக்கிட்ட தூரம் 370 கிலோமீற்றர். மீட்டரில் ஓடியிருந்தது 660. கடைக்குப் போகும் வழியும், தெஹிவளையில் கொடுத்துவிட்டு வெறுமனே திரும்பும் வழியும் அவன் செலவிலேயே ஓடுகின்றன. தாங்கி நிரம்பப் பெற்றோல் அடித்து, கிழமை முடிவில் மீண்டும் நிரப்பிப் பார்த்தபோது 15 லீற்றர் சென்றிருந்தது. லீற்றருக்கு 300 ரூபாய் என வைத்தால் 4,500 ரூபாய். டேட்டாவுக்கு 350 ரூபாய்.

அவன் ஏற்க மறுத்தது தேய்மானத்தைத்தான். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வண்டிகளின் விலை ஏறியதால், வண்டி விலை இறங்காது என்ற நம்பிக்கை பலருக்கும் வந்துவிட்டது. சந்தை விலை ஏறியது வேறு, 60,000 கிலோமீற்றர் கூடுதலாக ஓடிய வண்டி அதே வயதுடைய, ஓடாத வண்டியைவிட மலிவாகப் போவது வேறு. அந்த வித்தியாசத்தை 1,50,000 ரூபாய் என எடுத்தால், கிலோமீற்றருக்கு 2.50 ரூபாய். ஒயில், டயர், செயின், பிரேக் சூ ஆகியவற்றுக்கு அவனுடைய பழைய பற்றுச்சீட்டுகளின்படி 3.50 ரூபாய். இரண்டும் சேர்ந்து 660 கிலோமீற்றருக்கு 3,960 ரூபாய். லீசிங் கட்டுபவர்கள் இதனுடன் வட்டியை மட்டும் கூட்டினால் போதும். முதலையும் கூட்டினால் வண்டியின் விலை இருமுறை கழிக்கப்பட்டுவிடும்.

வந்த 21,600 ரூபாயில் இவையெல்லாம் போக மிஞ்சியது 12,790 ரூபாய். ஓடர் கையிலிருந்த நேரமாகச் செயலி காட்டியது 38 மணித்தியாலம். அவன் வீட்டுக்கு வெளியே இருந்தது 66. ஆகவே அவன் மனதில் இருந்த மணிக்கு 568 ரூபாய், உண்மையில் 194 ரூபாய்தான். வீட்டுக்குப் போய்த் தூங்கக்கூடிய நேரத்தை நான் சேர்க்கவில்லை. ஓடர் விழும் என்று கடைவாசலில் நின்ற நேரத்தைச் சேர்த்தேன், ஏனெனில் அங்கிருந்து விலகினால் ஓடர் வேறொருவருக்குப் போய்விடும்.

மிக மோசமானவை பிற்பகல் 2.30 முதல் 5.30 வரையான மூன்று மணித்தியாலங்கள். அப்போது கிடைப்பது இரண்டு ஓடர், 500 ரூபாய். அதற்கு ஓடும் 18 கிலோமீற்றருக்குப் பெற்றோலும் தேய்மானமுமாக 230 ரூபாய் போக, மணிக்கு 90 ரூபாய் நிற்கிறது. அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னேன். "அந்த ரெண்டும் இல்லாட்டி அன்றைய இலக்கு எண்ணிக்கை வராது மாமா, ஊக்கத்தொகை போயிடும்" என்றான். அந்த ஊக்கத்தொகை எவ்வளவு என்பதையும் தனியாக எழுதி வருமாறு இந்தக் கிழமை சொல்லியிருக்கிறேன்.